ஊருக்கு வரும் பிள்ளைகள்: பார்க்க வேண்டிய வீடுகளும் படுத்து உறங்க வேண்டிய நாட்களும்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





ஜூலை மாதம் பிறந்துவிட்டால் நம் தெருக்களில் விடியற்காலையில் வேன் வந்து நிற்கும். மேலே பெட்டிகள் கட்டியிருக்கும், உள்ளே பிள்ளைகள் தூங்கி வழியும். துபாய், ஷார்ஜா, குவைத், ரியாத் என்று பிழைக்கப் போன நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிற காலம் அது. அவர்கள் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும்போது நாம் கேட்கிற பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான். “அம்மாவோடு உட்கார்ந்து பேசவே நேரம் கிடைக்கவில்லை. உடம்பு வந்ததைவிட மோசமாக இருக்கிறது. அங்கே போய்த்தான் ஓய்வெடுக்க வேண்டும்.” இது ஏன் இப்படி ஆகிறது, இதை எப்படி மாற்றலாம் என்பதைப் பேசத்தான் இன்று கூடியிருக்கிறோம். வருகிறவர்களைவிட, அவர்களை எதிர்பார்த்து இங்கே இருக்கிற நமக்குத்தான் இந்தப் பேச்சில் வேலை அதிகம்.

நம்மிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்தின் கணக்கை, அவர்கள் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் உங்கள் முன் வைக்கிறோம். கணவருக்கு விழுப்புரம், மனைவிக்குத் திண்டிவனம். ஷார்ஜாவில் வேலை, மூன்று பிள்ளைகள். அங்கே தொழிலாளர் சட்டப்படி வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. அந்த 30 நாளில் வார விடுமுறைகளும் அடங்கிவிடும். பிள்ளைகளின் பள்ளிக்கோ ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் லீவு. அதனால் மனைவியும் பிள்ளைகளும் எட்டு வாரம், கணவர் ஒரு மாதம் என்று வருவது அவர்கள் வழக்கம்.

முந்தைய பயணத்தில் நடந்ததை அந்தச் சகோதரி நாள் வாரியாக நினைவுபடுத்திச் சொன்னார். ஐம்பத்தாறு நாளில் தாய் வீட்டில் அவர் தங்கியது ஒன்பது இரவு. அதுவும் நான்கு துண்டாக. மீதி நாட்களில் முக்கால்வாசி, யாராவது ஒருவர் வீட்டு விருந்துக்குப் போனார்கள், அல்லது யாராவது இவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்தபோதெல்லாம் அடுப்படியில் நின்றது அவர்தான். கணவரின் ஒரு மாதத்தில் வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் ஆதார் மையத்துக்குமாக ஆறு நாள், இரண்டு நிக்காஹ்வுக்காக ஐந்து நாள் போயிற்று. கண்பார்வை குறைந்த அவருடைய அத்தா தினமும் திண்ணையில் உட்கார்ந்து மகன் வருவாரா என்று பார்த்திருக்கிறார். மகன் வந்தது இரவு பத்து மணிக்கு. அத்தா படுத்துவிடுவார்.

இதில் யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. கூப்பிட்டவர்கள் எல்லோரும் பாசத்தால் கூப்பிட்டவர்கள்தான். ஆனால் ஒரு விருந்து என்பது சாப்பிடுகிற அரை மணி நேரம் அல்ல. பத்து மணிக்குக் கிளம்பினால் திரும்பும்போது அஸர் தாண்டிவிடும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர்தான், நான்கு வழிச்சாலைதான். அதனாலேயே ‘ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கிளப்பி, விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிப் போய், ஆளுக்கு ஆள் பேசிவிட்டு வந்து சேர்ந்தால் அன்றைய நாள் முடிந்தது. இப்படி நாற்பது வீடு இருந்தால் நாற்பது நாள். இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிப் போடுவதில்லை.

அடுத்த பயணத்துக்கு முன், மே மாதத்திலேயே, அந்தக் குடும்பத்தைப் பட்டியல் எழுதச் சொன்னோம். இரு பக்கமும் சேர்த்து 43 வீடு வந்தது. அந்தப் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்.

முதல் பகுதி, நாம் போயே ஆக வேண்டிய வீடுகள். நடக்க முடியாத முதியவர்கள் இருக்கிற வீடு நான்கு. நோயாளிகள் இருக்கிற வீடு மூன்று. இவர்கள் இல்லாத காலத்தில் மௌத்து நடந்த வீடு மூன்று. இத்தாவில் இருக்கும் ஒரு சின்னம்மா வீடு ஒன்று. இத்தாவில் இருப்பவர் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டார். அவரை விருந்துக்கு அழைத்துப் பயனில்லை, நாம்தான் போக வேண்டும். ஆக மொத்தம் பதினொன்று. முந்தைய பயணத்தில் வசதியான வீட்டு விருந்துகளெல்லாம் முதலில் முடிந்து, இப்படிப்பட்ட வீடுகள் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போயின. அதில் இரண்டு வீட்டுக்குப் போகவே முடியவில்லை.

இரண்டாவது பகுதி, நல்ல உடம்போடு, வண்டி வசதியோடு இருக்கிற சொந்தங்கள். இப்படி 22 வீடு. இவர்கள் அத்தனை பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்துக்கு அழைப்பது என்று முடிவாயிற்று. பத்து கிலோ அரிசி, பத்து கிலோ கறி போட்டால் எண்பது பேர் தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தோம். வீட்டுப் பெண்கள் சமைக்கக் கூடாது. சமையல் பாயை வரச்சொல்லி, தேக்சா, பாத்திரம் கழுவுகிற ஆள் உட்பட அவரிடமே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் 22 விருந்தின் களைப்பை ஒரே நாளில் அந்தச் சகோதரியின் தலையில் ஏற்றியதாக ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. வளைகுடாவில் பிள்ளைகளுக்கு லீவு விடுகிற நேரத்தில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி நடந்துகொண்டிருக்கும். இங்கே கோடை விடுமுறை ஜூன் தொடக்கத்தோடு முடிந்துவிடுகிறது. வந்த பிள்ளைகள் பகல் முழுதும் விளையாட ஆளில்லாமல் செல்போனோடு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மச்சான் பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் ஒன்றாகச் சேர முடிகிற நாள் சனி, ஞாயிறு மட்டும்தான். அந்த நாட்களைப் பெரியவர்கள் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொள்ளாமல் பிள்ளைகளுக்கு விட வேண்டும். அதிலும் கல்யாணங்கள் வந்து விழும். ஆடி மாதத்தில் மண்டபம் எளிதில் கிடைக்கிறது, வெளிநாட்டுச் சொந்தங்களும் ஊரில் இருக்கிறார்கள் என்று நம்மவர்கள் நிக்காஹ்வை அப்போதே வைத்துவிடுகிறார்கள். அதை நாம் மாற்றச் சொல்ல முடியாது. ஆனால் நெருங்கிய சொந்தம் அல்லாத கல்யாணத்துக்கு முந்தின நாளே போய்த் தங்குவதை விட்டுவிட்டு, நிக்காஹ் நேரத்துக்குப் போய் துஆச் செய்துவிட்டு வரலாம்.

மூன்றாவது பகுதி, பத்து வீடு. கல்யாணத்தில் பார்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் போனில் பேசிக்கொள்ளலாம் என்று விடப்பட்டவை.

போக வேண்டிய பதினொரு வீட்டுக்கும் எப்படிப் போவது? அஸர் தொழுதுவிட்டுக் கிளம்புங்கள், மஃரிபுக்கு எழுந்துவிடுங்கள் என்றோம். இரண்டு நாள் முன்னதாகவே போன் செய்து, “மாமி, செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பிறகு டீ குடிக்க வர்றோம், சாப்பாடு எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிட வேண்டும். மஃரிப் பாங்கு சொன்னால் ஆண்கள் பள்ளிக்குக் கிளம்பத்தான் வேண்டும். யார் மனமும் நோகாமல் பேச்சு அங்கே முடியும். பக்கத்துப் பக்கத்துத் தெருவென்றால் ஒரே மாலையில் இரண்டு வீடு பார்க்கலாம். பதினொரு வீடும் ஆறு மாலையில் முடிந்தன.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பத்துக்கு விருந்து வைக்க வேண்டும் என்பதற்காகக் கடன் வாங்குகிற சொந்தங்கள் நம்மிடையே உண்டு. கூப்பிடாமல் இருந்தால் மரியாதையில்லை என்று நினைத்து, அடகு வைத்தாவது கறி எடுப்பார்கள். டீயும் பிஸ்கட்டும் என்று நாமே முதலில் சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்கு அது பெரிய உபகாரம். அதே மாதிரி, கையில் சாமான் இல்லாமல் எப்படிப் போவது என்று வருகிறவர்கள் தள்ளிப்போடுவதும் உண்டு. 43 வீட்டுக்கும் பால் பவுடரும் தைலமும் வாங்கிச் சுமக்க முடியாது. நோயாளி வீட்டுக்கும் முதியவர் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் போதும்.

இப்போது ஓய்வுக்கு வருவோம். வளைகுடா விமானங்கள் பல இரவில் கிளம்பி விடியற்காலையில் சென்னையில் இறங்குகின்றன. கிளம்புவதற்கு முந்தின இரவு பெட்டி கட்டுவதில் தூக்கம் போயிருக்கும், அடுத்த இரவு விமானத்தில் போயிருக்கும். வீட்டுக்கு வந்து சேர்ந்தால் வாசலில் இருபது பேர். ஆகவே வந்த நாளும் அடுத்த நாளும் யாரும் பார்க்க வரக்கூடாது என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிரான்சிலிருந்து வருகிற புதுச்சேரிப் பக்கத்துச் சொந்தங்களுக்கு இன்னும் இரண்டு நாள் சேர்த்துக் கொடுங்கள். கோடையில் அந்த நாட்டுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு பத்து மணி என்றால் அந்தப் பிள்ளைகளின் உடம்புக்கு மாலை ஆறரைதான். நடு இரவில் கொட்டக் கொட்ட விழித்திருப்பதும் காலையில் எழுப்பினால் அழுவதும் வளர்ப்பின் குறை அல்ல.

“வரவேண்டாம்” என்பதை யார் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மருமகள் சொன்னால் கர்வம் என்பார்கள். மகன் சொன்னால் பெண்டாட்டி பேச்சு என்பார்கள். மாமியார் சொல்ல வேண்டும். “பிள்ளைங்க தூங்கட்டும், நாளன்னைக்கு வாங்க” என்று அந்த வீட்டுப் பெரிய மனுஷி சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான். உங்கள் மகன், மருமகளுக்காக மறுப்புச் சொல்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். விருந்துக்கு மூன்று நாள் என்று மார்க்கமே எல்லை வைத்திருக்கிறது. நம் உடம்புக்கும் நம் மேல் ஹக்கு உண்டு என்பதும் நீங்கள் அறிந்ததுதான்.

அடுத்தது, எந்த வீட்டுக்கு முதலில் போவது என்ற கேள்வி. சென்னையிலிருந்து வரும்போது திண்டிவனம் முதலில் வருகிறது. முந்தைய பயணத்தில் அந்தச் சகோதரியின் அம்மா நெடுஞ்சாலை ஓரம் வந்து நின்றிருக்கிறார். வேன் பத்து நிமிடம் நின்றது, ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டு விழுப்புரம் போய்விட்டார்கள். பத்து நாள் கழித்துத்தான் மகள் தாய் வீட்டுக்கு வந்தார். முதலில் புகுந்த வீடு என்பது வழக்கம், தெரியும். ஆனால் கணவர் நான்காவது வாரம்தான் வரப்போகிறார் என்னும்போது, முதல் இரண்டு வாரம் திண்டிவனத்தில் இருக்கட்டுமே என்று யோசனை சொன்னோம். அதை மருமகள் கேட்கக்கூடாது, மகனே தன் அம்மாவிடம் போனில் கேட்க வேண்டும் என்றோம். மகன் கேட்டார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, “மூணாம் நாள் நாங்க அங்க வந்து பேரப்பிள்ளைங்களப் பார்த்துட்டு வந்துடறோம்” என்று அவரே வழி சொன்னார்.

எட்டு வாரமும் இப்படி அமைந்தது. முதல் 14 நாள் தாய் வீடு. அடுத்த 26 நாள் விழுப்புரம். அதில் பாதியில் கணவர் வந்து சேர்ந்தார். பிறகு கணவரோடு சேர்ந்து 8 நாள் மறுபடியும் திண்டிவனம். கடைசி 8 நாள் விழுப்புரம். துண்டு துண்டாக இல்லாமல் இரண்டே பகுதியாக 22 நாள் தாய் வீட்டில் இருந்தார். தாய் வீட்டில் முதல் வாரம் பாதிநேரம் தூங்கியே கழித்ததாகச் சொன்னார். அவருடைய அம்மா எழுப்பவில்லை.

வாரத்துக்கு மூன்று மாலைக்கு மேல் வெளியே போவதில்லை என்றும், வாரத்தில் ஒரு நாள் எதற்கும் ஒதுக்காத சும்மா நாளாக இருக்கட்டும் என்றும் வைத்தார்கள். அந்தச் சும்மா நாள் வீண் என்று கணவருக்கு முதலில் தோன்றியது. மூன்றாவது வாரம் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாவது வாரம் குடும்பத்தில் ஒரு பெரியவர் மௌத்தானார், மூன்று நாள் அதிலேயே போயிற்று. இரண்டு முறையும் தள்ளிப்போன வேலைகளைச் சும்மா நாட்கள்தான் தாங்கின.

காய்ச்சல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை ‘நம்ம ஊர்ப் பிள்ளைதானே’ என்று நினைத்துக்கொள்கிறோம். சுற்றுலா வந்து ஹோட்டலில் தங்குகிறவரைவிட, சொந்த ஊருக்கு வந்து வீடு வீடாகச் சாப்பிடுகிறவருக்கே டைபாய்டு வரும் வாய்ப்பு அதிகம் என்று பயண மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாள் கணக்கில் தங்குகிறோம், கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறோம், கிளம்புவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பதுமில்லை. டைபாய்டு ஊசியை இரண்டு வாரம் முன்னதாகவே அங்கே போட்டுக்கொண்டு வரலாம். இங்கே கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், ஐஸ் போடாத சர்பத். பேதியானால் ஓ.ஆர்.எஸ். கரைசல். பிள்ளை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, மந்தமாகப் படுத்துக்கிடந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. திரும்பிப் போன சில வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், இந்தியா போய் வந்தோம் என்பதை அங்குள்ள மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

கணவரின் ஒரு மாதத்துக்கு இரண்டு ஏற்பாடு செய்தோம். அலுவலக வேலை எல்லாம் முதல் வாரத்திலேயே. ஏனென்றால் எந்த அலுவலகத்திலும் இன்னொரு தாள் கொண்டுவா என்று இரண்டாம் முறை வரச்சொல்வார்கள். கடைசி வாரத்துக்கு வைத்தால் அந்த இரண்டாம் முறை கிடைக்காது. ஐந்து வயதும் பதினைந்து வயதும் தாண்டிய பிள்ளைகளுக்கு ஆதாரில் கைரேகை புதுப்பிப்பதும் அப்போதே முடிந்தது. அடுத்தது அத்தாவின் கண். புரை அறுவை என்றால் மறுநாள், பிறகு ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் வாக்கில் என்று திரும்பக் காட்ட வேண்டியிருக்கும், வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும். கடைசியில் செய்துவிட்டு மகன் விமானம் ஏறினால் சொட்டு மருந்து விட யாருமில்லை. வந்த ஐந்தாம் நாளே புதுச்சேரி தவளக்குப்பத்திலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அடுத்த மூன்று வாரமும் நேரத்துக்கு நேரம் மருந்து விட்டவர் மகன். அத்தாவும் மகனும் உட்கார்ந்து பேசியது அந்த நேரத்தில்தான். இப்படி ஒரு வேலை இல்லாவிட்டால், சுபுஹுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பெற்றோருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு என்று வைத்தால் தவறிவிடும்.

ஊர் சுற்றுவது ஓய்வா என்று கேட்டால், ஊட்டி, கொடைக்கானல் என்று மணிக்கணக்கில் வண்டியில் போவதை நாம் ஓய்வில் சேர்க்கமாட்டோம். செஞ்சி இரண்டு ஊருக்கும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கிறது. கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்ததும் நினைவிருக்கும். மலையடிவாரத்திலேயே சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கிறது. சம்பந்தி வீட்டார் இருவரும் கட்டுச்சோற்றோடு அங்கே காலை ஏழு மணிக்குச் சேர்ந்து, வெயில் ஏறுமுன் திரும்பினார்கள். ராஜகிரி மலையில் ஏறவில்லை, பாட்டிமார் நிழலில் உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் ஓடினார்கள். அந்தப் பயணத்தில் பிள்ளைகள் இன்றும் பேசுவது அந்த ஒரு காலையைப் பற்றித்தான்.

எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்லமாட்டோம். மூன்றாவது பட்டியலில் விடப்பட்ட ஒரு வீடு இன்னும் வருத்தத்தில்தான் இருக்கிறது. அடுத்த முறை அந்த வீட்டுக்கு முதல் வாரமே டீக்குப் போவதாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். வெறும் பதினைந்து நாள் லீவில் வருகிறவர்களுக்கு இவ்வளவும் ஆகாது. அவர்கள் போக வேண்டிய வீடுகளையும், ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். கடைசி இரண்டு நாள் மட்டும் எத்தனை நாள் லீவானாலும் விருந்துக்குப் போகாதீர்கள். அந்த நாட்களில் பெட்டி எடை பார்ப்பதும் ஊறுகாய் கட்டுவதுமாக அம்மாக்கள் பக்கத்திலேயே இருப்பார்கள்.

இந்த ஜூலையில் யார் வீட்டுக்குப் பிள்ளைகள் வருகிறார்களோ அவர்கள் கூட்டம் முடிந்ததும் சற்று இருங்கள். காகிதமும் பேனாவும் வைத்திருக்கிறோம், வீட்டுப் பட்டியலை இங்கேயே எழுதிப் பார்த்துவிடலாம். பெண்களுக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நம் ஆலிமா உட்கார்ந்திருக்கிறார்.